மெக்கரைப் பத்து நிமிடம் பாருங்கள்

டெல்டா பக்கம் ஒரு கரும்பு ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரும்பை நொறுக்கும் ஃபைபரைசரை ஓட்டுவது 3.3 கேவி மோட்டார். அதற்கு ஒரு ஸ்பேர் மோட்டார் ஸ்டோர் ஷெட்டில் இரண்டு வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை அதன்மேல் கடந்து போயிருக்கிறது. அரைவைப் பருவம் நெருங்கும் நேரத்தில் ஓடும் மோட்டாரில் பேரிங் போய்விட, ஸ்பேரை வெளியே இழுக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் மெக்கரை மாட்டி, ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு ஃபோர்மேனிடம் சொல்வார்:

"அண்ணே, 25 மெக் காட்டுது. கேவிக்கு ஒரு மெக், மேல ஒண்ணு. நாலு சொச்சம் இருந்தாலே போதும். ஏத்திடலாமா?"

"ஏத்தலாம்னு இப்பவே சொல்ல முடியாது தம்பி. எடுத்துடாத. பத்து நிமிஷம் வை. ரீடிங் ஏறுதா நிக்குதான்னு பாரு."

எலக்ட்ரீஷியன் சொன்ன கணக்கு புதிதல்ல, ஊர் முழுக்கப் புழங்கும் கணக்குதான். ஆனால் அந்த ஒற்றை எண்ணை வைத்து இந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் வைண்டிங் எரிந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. ஃபோர்மேன் கேட்ட பத்து நிமிடம் எதற்கு, அதில் தெரியும் விஷயம் என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மெக்கர் என்ன அளக்கிறது?

மோட்டாருக்குள் செப்புக் கம்பிச் சுருள்கள் இரும்புக் காடிகளில் உட்கார்ந்திருக்கின்றன. செம்புக்கும் இரும்புக்கும் நடுவே இன்சுலேஷன். பெரிய மோட்டார்களில் அது மைக்கா டேப்பைச் சுற்றி எபோக்சி ரெசினில் ஊறவைத்துச் சுட்ட கெட்டியான உறை. மெக்கர் செய்வது ஒன்றுதான். செம்புக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே 500 அல்லது 1,000 வோல்ட் போன்ற டி.சி. அழுத்தத்தைக் கொடுத்து, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்து, அதை மெகா ஓமாக மாற்றிக் காட்டும். கரண்ட் குறையக் குறைய ரீடிங் ஏறும்.

அந்தக் கரண்ட் ஒரே வகை அல்ல. ஒரு புது மண்பானையில் தண்ணீர் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பானை நிரம்ப வேண்டும், அது சட்டென்று முடிந்துவிடும். பிறகு பானையின் மண் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். மட்டம் மெல்ல மெல்ல இறங்கும், போகப் போக அந்த இறக்கம் குறைந்துகொண்டே வரும். பானையில் கீறல் இருந்தால் அதன் வழியே ஒரு கசிவும் இருக்கும். மண் எவ்வளவு குடித்து முடித்தாலும் அந்தக் கசிவு நிற்காது.

வைண்டிங்கிலும் இந்த மூன்றும் உண்டு. சுருளும் இரும்பும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். அது சார்ஜ் ஆகும் கரண்ட் சில வினாடிகளில் ஓய்ந்துவிடும். அடுத்து, இன்சுலேஷன் பொருளுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் மின்புலத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பிக்கொள்ளும், மின்னூட்டங்களும் பொருளுக்குள் கொஞ்சம் நகரும். அதற்கு இழுக்கும் கரண்ட்தான் உறிஞ்சல் கரண்ட். டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இது ஓயச் சில நிமிடங்கள் ஆகும். மூன்றாவது கசிவுக் கரண்ட். சுருளின் வெளிப்பரப்பில் படிந்த ஈரமும் அழுக்கும், உறையில் விழுந்த விரிசல்களும் கொடுக்கும் வழி. நேரம் போனாலும் இது குறையாது.

இதனால்தான் நல்ல, உலர்ந்த மோட்டாரில் மெக்கர் ரீடிங் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். உறிஞ்சல் கரண்ட் குறைய, மொத்தக் கரண்ட் குறையும். ஈரமான மோட்டாரிலோ கசிவுக் கரண்ட் பெரியதாக இருந்து மற்றதை மூழ்கடித்துவிடும். ரீடிங் ஒரு இடத்தில் போய் நின்றுவிடும்.

ஒரு விகிதம், இரண்டு எண்கள்

இந்த ஏற்றத்தை ஒரே எண்ணில் சொல்வதுதான் போலரைசேஷன் இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ. பத்தாவது நிமிட ரீடிங்கை முதல் நிமிட ரீடிங்கால் வகுத்தால் பி.ஐ. கிடைக்கும். அவசரத்துக்கு ஒரு குட்டி வடிவமும் உண்டு: 60 வினாடி ரீடிங்கை 30 வினாடி ரீடிங்கால் வகுப்பது. டைஎலக்ட்ரிக் அப்சார்ப்ஷன் ரேஷியோ என்று அதற்குப் பெயர்.

சுழலும் இயந்திரங்களின் இன்சுலேஷன் சோதனைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வழிகாட்டி ஐ.இ.இ.இ. 43. அதன் 2013 பதிப்பின்படி, பி மற்றும் அதற்கு மேற்பட்ட வெப்ப வகுப்பு இன்சுலேஷனுக்கு பி.ஐ. குறைந்தது 2 இருக்க வேண்டும். பழைய ஏ வகுப்புக்கு 1.5 போதும். இப்போது ஆலைகளில் இருக்கும் பெரிய மோட்டார்கள் பெரும்பாலும் எஃப் வகுப்பு என்பதால் 2 தான் நமக்குக் கணக்கு.

விகிதமாக எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. இன்சுலேஷனின் தடை வெப்பத்தைப் பொறுத்து வெகுவாக மாறும். பத்து டிகிரி கூடினால் பாதியாகக் குறையும் என்பது பழைய கைக்கணக்கு. எபோக்சி வகைக்கு அது தோராயம்தான் என்றாலும் மாறும் திசை அதுவே. பி.ஐ.யில் மேலும் கீழும் ஒரே வெப்பநிலையில் எடுத்த எண்கள் என்பதால் வெப்பத்தின் பாதிப்பு பெரும்பாலும் அடிபட்டுவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் மோட்டார் ஆறிக்கொண்டிருந்தால் இது செல்லாது. ஆற ஆற ரீடிங் தானே ஏறும். ஈரமான மோட்டார்கூட நல்ல பி.ஐ. காட்டி ஏமாற்றும்.

நம் மோட்டாரின் பத்து நிமிடம்

இனி ஆலைக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் வேலைத்தளத்தில் பார்க்கும் போக்கு இதுதான்.

கேபிளைக் கழற்றி, மூன்று ஃபேஸையும் ஒன்றாகக் கட்டி, மோட்டார் உடம்பை எர்த் செய்தாகிவிட்டது. சர்ஜ் கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் மெக்கர் அதையும் சேர்த்துத்தான் அளக்கும். 3.3 கேவி மோட்டாருக்கு 1,000 முதல் 2,500 வோல்ட் வரை கொடுக்கலாம். ஈரமான மோட்டார் என்பதால் 1,000 வோல்ட்டில் தொடங்குகிறார்கள். வைண்டிங் வெப்பநிலை 30 டிகிரி.

30 வினாடியில் 24 மெகா ஓம். ஒரு நிமிடத்தில் 25. ஐந்து நிமிடத்தில் 26. பத்து நிமிடத்தில் 27. பி.ஐ. 1.08. முதல் நிமிட விகிதம் 1.04.

முதலில் அந்த 25-ஐப் பார்ப்போம். கேவியோடு ஒன்றைக் கூட்டும் விதிப்படி 4.3 மெகா ஓம் இருந்தாலே தேர்ச்சி. ஆனால் ஐ.இ.இ.இ. 43 அந்த விதியை 1970-க்கு முன் செய்த வைண்டிங்குகளுக்குத்தான் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த, வடிவமைத்த காயில்களைக் கொண்ட பெரிய ஏ.சி. மோட்டார்களுக்குக் குறைந்தபட்சம் 100 மெகா ஓம், அதுவும் 40 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகு. நம் 25 மெகா ஓம் 30 டிகிரியில் எடுத்தது. 40 டிகிரிக்கு மாற்றினால் ஏறக்குறைய 12.5 ஆகிவிடும். கேட்பது 100, இருப்பது 12.5.

அடுத்து, கரண்டாக மாற்றிப் பார்த்தால் நடப்பது இன்னும் தெளிவாகும். 1,000 வோல்ட்டுக்கு 25 மெகா ஓம் என்றால் 40 மைக்ரோ ஆம்பியர். பத்தாவது நிமிடத்தில் 37. ஆக, பத்து நிமிடம் பிடித்தும் நிற்காமல் ஓடும் 37 மைக்ரோ ஆம்பியர் முழுக்க முழுக்கக் கசிவு. இன்சுலேஷன் உறிஞ்சும் கரண்ட் அதற்குள் காணாமல் போய்விட்டது.

கசிவு எங்கே?

இப்போது தீர்ப்பு சொல்லக் கூடாது. பி.ஐ. குறைவு என்றால் கசிவு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அது எந்த இடத்தில் என்று அந்த எண் சொல்லாது. ஆகவே சுலபமான இடத்திலிருந்து தேட வேண்டும்.

முதல் சந்தேகம் டெர்மினல் பாக்ஸ். அங்கே உள்ள இன்சுலேட்டர்களின் மேல் ஈரமும் தூசியும் படிந்திருந்தாலே ரீடிங் கீழே விழும். மெக்கர் ஒயர் ஈரத் தரையில் கிடந்தாலும் அதே கதைதான். உலர்ந்த துணியால் துடைத்து, ஒயரைத் தூக்கிக் கட்டி, மறுபடி பார்க்கிறார்கள். 33 மெகா ஓம் வருகிறது, பத்து நிமிடத்தில் 36. பி.ஐ. 1.09. கொஞ்சம் முன்னேற்றம் உண்டு, ஆனால் நிலைமை மாறவில்லை. கசிவு வைண்டிங்கில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டாவது சோதனையை உடனே செய்யக் கூடாது. உறிஞ்சிய மின்னூட்டத்தை இன்சுலேஷன் எடுத்ததும் கொடுத்துவிடாது. ஷார்ட் செய்து எடுத்துவிட்டாலும் சிறிது நேரத்தில் வோல்டேஜ் தானாகத் தலைதூக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். எவ்வளவு நேரம் வோல்டேஜ் கொடுத்தோமோ அதைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நேரம் வைண்டிங்கை எர்த்தோடு கட்டி வைக்க வேண்டும். பத்து நிமிடச் சோதனைக்கு நாற்பது நிமிடம். இது கையைக் காப்பாற்ற மட்டுமல்ல. மிச்ச மின்னூட்டத்தோடு அடுத்த சோதனையைத் தொடங்கினால் உறிஞ்ச வேண்டியது ஏற்கெனவே பாதி உறிஞ்சப்பட்டிருக்கும். முதல் நிமிட ரீடிங் செயற்கையாக உயர்ந்து, பி.ஐ. செயற்கையாகத் தாழும். ஏழாவது நிமிடத்தில் ஒயர் கழன்றுவிட்டால் மாட்டித் தொடர்வதும் இதே தப்புதான்.

மோட்டாரின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சுருள் முனைகளில் கரும்புச் சக்கைத் தூள் பழுப்பாகப் படிந்திருக்கிறது. உலர்ந்திருக்கும்வரை அந்தத் தூள் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மழைக்காலக் காற்றின் ஈரத்தைக் குடித்ததும் அது கரண்டுக்கு ஒரு பாதையாகிவிடும். வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அழுத்தக் காற்றில் ஊதினால் தூள் சுருள்களின் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உலர்த்துவது

மோட்டாருக்குள் இருக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் ஈரம் வராமல் காக்கத்தான். ஊறிப்போன வைண்டிங்கை உலர்த்தும் சக்தி பெரும்பாலும் அதற்கு இருப்பதில்லை. வெளியிலிருந்து சூடான காற்றைச் செலுத்துகிறார்கள். மோட்டாரைத் தார்ப்பாயால் மூடி, மேலே ஒரு வாய் விடுகிறார்கள். ஈரக்காற்று வெளியேற அந்த வாய் அவசியம். முழுக்க மூடினால் உள்ளேயே ஆவி சுற்றிக்கொண்டிருக்கும்.

வெப்பத்தை மெதுவாக ஏற்ற வேண்டும், மணிக்கு ஐந்து டிகிரி போல. வைண்டிங்கில் பதித்த ஆர்.டி.டி.யைப் பார்த்து 80 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அவசரப்பட்டு ஏற்றினால் உறைக்குள் சிக்கிய நீர் ஆவியாகி உப்பி, நல்ல இன்சுலேஷனையே பிளந்துவிடும். சில இடங்களில் வெல்டிங் மெஷினை வைத்து வைண்டிங்கில் கரண்ட் விட்டு உள்ளிருந்து சூடேற்றுவார்கள். அது பலன் தரும் முறைதான். ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த மோட்டாரில் அதை முதல் வேலையாகச் செய்யக் கூடாது. ஈரத்தோடு டி.சி. சேர்ந்தால் செம்பு அரிக்கும்.

உலர்த்தும்போது மெக்கர் ஒரு நாடகம் காட்டும், புதியவர்கள் இங்கேதான் பயந்துவிடுவார்கள். 30 டிகிரியில் 33 மெகா ஓம் இருந்த மோட்டார் 70 டிகிரிக்கு வந்ததும் 2 மெகா ஓமாக இறங்கிவிடும். "மோட்டார் போச்சு, ரீவைண்டிங்குக்கு அனுப்பு" என்று குரல்கள் கிளம்பும். போகவில்லை. நாற்பது டிகிரி ஏற்றத்துக்கு நான்கு முறை பாதி ஆனால் 33 என்பது 2 தானே ஆகும்? வெப்பத்தால் வந்த இறக்கம் இது. உள்ளிருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு நகர்வதும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

வெப்பநிலையை 70-லேயே நிறுத்தி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு நிமிட ரீடிங் எழுதிக்கொண்டே போனால் வளைவு தெரியும். வெகுநேரம் 2, 2, 3 என்று கிடக்கும். பிறகு 6, 15, 40 என்று தாவும். பிறகு 90, 107, 110, 110 என்று நின்றுவிடும். இரண்டு மூன்று முறை ஒரே எண் வந்த பிறகுதான் உலர்த்தல் முடிந்தது. பாதியில், 40 மெகா ஓமிலேயே திருப்தியடைந்து ஹீட்டரை அணைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். எத்தனை நாள் ஆகும் என்பது மோட்டாரின் அளவையும் ஈரத்தையும் பொறுத்தது. நாள் கணக்கை நம்பாமல் வளைவை நம்ப வேண்டும்.

மோட்டார் 35 டிகிரிக்கு ஆறி வெப்பநிலை ஒரு நிலைக்கு வந்ததும் முழுப் பத்து நிமிடச் சோதனை. 30 வினாடியில் 860 மெகா ஓம். ஒரு நிமிடத்தில் 1,250. பத்து நிமிடத்தில் 3,500. பி.ஐ. 2.8. முதல் நிமிட விகிதம் 1.45. கரண்டாகப் பார்த்தால் 0.8 மைக்ரோ ஆம்பியரில் தொடங்கி 0.29-க்கு இறங்கியிருக்கிறது. முன்பு ஓடிய 37 மைக்ரோ ஆம்பியர் கசிவு எங்கே, இது எங்கே! 40 டிகிரிக்கு மாற்றினாலும் ஒரு நிமிட ரீடிங் 880 மெகா ஓம் சுமாருக்கு நிற்கும், 100-ஐ எளிதாகத் தாண்டிவிட்டது. இரண்டு சோதனையும் தேறிவிட்டன. மோட்டாரை ஏற்றலாம். ஏற்றும்வரை ஸ்பேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கட்டும். வைண்டிங் பனிநிலைக்குக் கீழே ஆறினால் ஒரே இரவில் மறுபடி வியர்த்துவிடும்.

பி.ஐ. சொல்லாதவை

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மூன்று செய்திகள்.

ஒரு நிமிட ரீடிங்கே 5,000 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் பி.ஐ.யைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த அளவில் ஓடும் கரண்ட் மிகச் சொற்பம். காற்றின் ஈரமும் ஒயரின் கசிவுமே எண்ணை ஆட்டி வைக்கும். 8,000 மெகா ஓம் காட்டும் புது மோட்டாரில் பி.ஐ. 1.3 வந்தது என்று உலர்த்தப் போவது வீண் வேலை.

வீட்டு பம்ப், சிறு பட்டறை மோட்டார் போன்ற சில்லறைக் கம்பி வைண்டிங்குகளில் உறிஞ்சல் கரண்ட் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே ஓய்ந்துவிடும். அங்கே பத்து நிமிட விகிதம் தேவையில்லை. ஒரு நிமிட ரீடிங்கும் 60-க்கு 30 விகிதமும் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். மெக்கர் சோதனையில் சுருளின் எல்லாச் சுற்றும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் பக்கத்துச் சுற்றுக்கும் நடுவே இன்சுலேஷன் கிழிந்திருந்தால் அங்கே கரண்ட் ஓட வழியே இல்லை, பி.ஐ. 3 காட்டும் மோட்டாரில்கூட அந்தக் கிழிசல் இருக்கலாம். மூன்று ஃபேஸையும் சேர்த்துக் கட்டினால் ஃபேஸுக்கு ஃபேஸ் உள்ள குறையும் தெரியாது. சுற்றுகளுக்கு இடையே உள்ள குறையைப் பார்க்க சர்ஜ் டெஸ்ட் தனியாக வேண்டும். ஈரமும் அழுக்கும் இருக்கிறதா என்பதுதான் பி.ஐ. பதில் சொல்லும் கேள்வி. அதைத் தாண்டி அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

ஒன்று கவனித்தால் தெரியும்: இந்தக் கதையின் மோட்டாரை ஸ்டோருக்குள் தள்ளிய நாளிலேயே ஸ்பேஸ் ஹீட்டருக்கு ஒரு கனெக்‌ஷன் கொடுத்திருந்தால் உலர்த்தும் வேலையே பெரும்பாலும் வந்திருக்காது. உங்கள் ஆலையிலோ நீரேற்று நிலையத்திலோ ஸ்பேர் மோட்டார் இருந்தால் இந்த மழைக்கு முன்பே ஹீட்டர் எரிகிறதா என்று பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு பத்து நிமிடச் சோதனை எடுத்து, தேதி, வைண்டிங் வெப்பநிலை, கொடுத்த வோல்டேஜ், 30 வினாடி, ஒரு நிமிடம், பத்து நிமிட ரீடிங் ஆகியவற்றை ரெஜிஸ்டரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மெக்கர் மாட்டும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் வேறில்லை.